5 வருடத்துக்குக் காசைப் போடப் போகிறீர்களா? எளிய வட்டியும் கூட்டு வட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு வருகிறவர்களின் கைக்கு ஈ.பி.எப்., ஈ.டி.எப்., பணிக்கொடை என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பெரிய தொகை வருகிறது. ஹட்டன் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வட்டி வீதம் எழுதியிருக்கிறது. படிவம் நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குகளில் வரும் 10, 12 எல்லாம் கணக்குப் போட வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள். இன்றைய வீதத்தை வங்கியில்தான் கேட்க வேண்டும்.

எளிய வட்டி, கூட்டு வட்டி என்று சொல்றாங்களே, என்னதான் வித்தியாசம்?

எளிய வட்டியில் நீங்கள் முதலில் போட்ட காசுக்கு மட்டும்தான் கடைசி வரை வட்டி. கூட்டு வட்டியில் போன வருடம் கிடைத்த வட்டியும் முதலோடு சேர்ந்துவிடும். அடுத்த வருட வட்டி அந்தக் கூட்டுத் தொகைக்குக் கிடைக்கும்.

1 லட்சத்துக்கு 10 வீதம் என்றால் இரண்டிலும் முதல் வருட வட்டி 10,000 ரூபாய்தான். இரண்டாம் வருடம் எளிய வட்டியில் மறுபடியும் 10,000. கூட்டு வட்டியில் 1,10,000க்குப் பத்து வீதம், அதாவது 11,000. மூன்றாம் வருடம் 12,100. தொடக்கத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் ஒரு வருட வைப்புக்கு இந்தக் கேள்வி தேவையில்லை, 5 வருடத்துக்குப் போடும்போது கட்டாயம் தேவை.

ஒரு இடத்துல 12 வீதம், இன்னொரு இடத்துல 10 வீதம். 12தானே பெருசு?

அந்த 12 எந்த வட்டி, 10 எந்த வட்டி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதல் இடத்தில் 5 வருட வைப்பு. வட்டியை 5 வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தருவார்கள், ஆனால் 12 வீதத்தை எளிய வட்டியாகத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு வருட வைப்பு, 10 வீதம். ஒவ்வொரு வருட முடிவிலும் முதலையும் வட்டியையும் சேர்த்துத் திரும்பவும் போடுகிறீர்கள், அதாவது கூட்டு வட்டி. வீதமும் கணக்குப் பார்க்கும் முறையும் 10 வருடமும் மாறாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 1 லட்சம் போட்டால் கணக்கு இப்படி வரும்:

| வருட முடிவில் | 12 வீதம் எளிய வட்டி | 10 வீதம் கூட்டு வட்டி |
|---|---|---|
| 1 | 1,12,000 | 1,10,000 |
| 2 | 1,24,000 | 1,21,000 |
| 3 | 1,36,000 | 1,33,100 |
| 4 | 1,48,000 | 1,46,410 |
| 5 | 1,60,000 | 1,61,051 |
| 6 | 1,72,000 | 1,77,156 |
| 10 | 2,20,000 | 2,59,374 |

நான்கு வருடம் வரைக்கும் 12தான் முன்னால் போகிறது. ஐந்தாவது வருடத்தில் 10 அதை எட்டிப் பிடித்து ஆயிரத்துச் சொச்சம் முந்திவிடுகிறது. பத்தாவது வருடத்தில் வித்தியாசம் 39,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே, "எந்த வீதம் பெரிது" என்பதோடு "எத்தனை வருடத்துக்கு" என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மூன்று வருடத்தில் காசு தேவை என்றால், 12 எளிய வட்டியை மூன்று வருட வைப்புக்கே தந்தால் இந்த இரண்டில் அதுவே நல்லது. பத்து வருடம் தொடப்போவதில்லை என்றால் 10 கூட்டு வட்டி. ஐந்து வருடம் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேறு விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். அவை கீழே வருகின்றன.

இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், போன் கல்குலேட்டர் போதும். 10 வீதம் கூட்டு வட்டி என்றால் 100000 என்று அடித்து அதை 1.1ஆல் பெருக்குங்கள். வரும் விடையை மறுபடி 1.1ஆல் பெருக்குங்கள். எத்தனை வருடமோ அத்தனை தடவை. 9 வீதம் என்றால் 1.09, 12 வீதம் என்றால் 1.12. எளிய வட்டிக்கு ஒரு வருட வட்டியை வருடங்களால் பெருக்கி முதலோடு கூட்டினால் சரி.

வங்கிப் பலகையில ஒரே வைப்புக்கு ரெண்டு வீதம் போட்டிருக்கே, எதைப் பார்க்கணும்?

ஒன்று அவர்கள் சொல்லும் வீதம். மற்றது ஏ.ஈ.ஆர்., அதாவது வட்டி எப்போது கைக்கு வருகிறது என்பதையும் கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் வருடாந்தக் கூட்டு வட்டிக்கு மாற்றிச் சொல்லும் வீதம். வெவ்வேறு வைப்புகளை ஒப்பிட இரண்டாவதைத்தான் பாருங்கள்.

மேலே பார்த்த 12 வீத எளிய வட்டி 5 வருடத்தில் 1 லட்சத்தை 1,60,000 ஆக்கியது. அதே 1,60,000ஐ வருடாந்தக் கூட்டு வட்டியில் பெற எத்தனை வீதம் வேண்டும்? 9.86 வீதம். ஆகவே பலகையில் "5 வருடம், முதிர்வில் வட்டி, 12%" என்று பெரிய எழுத்தில் இருந்தால், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 9.86% என்று இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை இல்லை, அந்தச் சின்ன எண்தான் உண்மையான வளர்ச்சி.

"5 வருடத்தில் 60% லாபம்" என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவர்களும் உண்டு. 60ஐ 5ஆல் வகுத்தால் 12 வரும். வகுத்து வருவது எளிய வட்டி வீதம்தான் என்பதை மறக்காதீர்கள். அதைப் பக்கத்து வங்கியின் கூட்டு வட்டி வீதத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

மாசா மாசம் வட்டி எடுத்தா நட்டமா?

அந்த வட்டியை வைத்துத்தான் அரிசியும் மருந்தும் வாங்குகிறீர்கள் என்றால் நட்டமே இல்லை, அதற்காகத்தான் அந்தத் திட்டம் இருக்கிறது. செலவுக்குத் தேவையில்லாமலே மாத வட்டியைத் தெரிவு செய்தால்தான் நட்டம்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது வந்த காசில் 3 லட்சத்தை 5 வருட வைப்பில் போட்டார். படிவத்தில் "மாதாந்த வட்டி" என்ற கட்டத்தில் கவுண்டரில் இருந்தவரே அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டார். அது வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அந்த வட்டி மாதாமாதம் அம்மாவின் சேமிப்புப் புத்தகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அம்மா அதைத் தொடவே இல்லை. பத்திரமாகச் சேர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது சேமிப்புக் கணக்கின் குறைந்த வட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

என்ன போயிற்று என்று உதாரண எண்களில் காட்டுகிறேன். 1 லட்சத்துக்கு மாத வட்டி வருடத்துக்கு 9.6 வீதம் என்றால் மாதம் 800 ரூபாய். இதன் ஏ.ஈ.ஆர். பத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆகவே பலகையில் 10 வீதக் கூட்டு வட்டிக்குச் சமமாகவே தெரியும். ஆனால் அந்தக் கணக்கு, வரும் 800ஐ உடனே அதே வட்டிக்கு மறுபடி போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. 800 ரூபாய்க்கு யாரும் புதிய நிலையான வைப்புத் திறக்கப்போவதில்லை. அது 3 வீதச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் 5 வருடத்தில் சேர்வது ஏறக்குறைய 51,700 ரூபாய். 10 வீதக் கூட்டு வட்டியில் அதே 1 லட்சம் 61,051 ரூபாய் வட்டி தந்திருக்கும். லட்சத்துக்கு 9,300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 3 லட்சத்துக்கு 28,000 ரூபாய்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் போட வேண்டும் என்றும் இல்லை. 5 லட்சம் இருந்தால், 2 லட்சத்தை மாத வட்டிக்குப் போட்டு மாதம் 1,600 ரூபாய் எடுத்துக்கொள்ளலாம். மீதி 3 லட்சத்தை வட்டியோடு புதுப்பித்துக்கொண்டே போனால் 10 வீதத்தில் 5 வருடத்துக்குப் பிறகு 4,83,153 ரூபாய். வீட்டில் உழைக்கிற பிள்ளைகள் இருந்தால் மாத வட்டிப் பங்கை இன்னும் குறைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டு வட்டின்னு பத்திரத்துல எங்க எழுதியிருக்கும்?

பல வைப்புகளில் அந்தச் சொல்லே இருக்காது. படிவத்தில் "முதிர்ச்சியின்போது என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு கேள்வி இருக்கும், அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலையும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிப்பது ஒரு தெரிவு. முதலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்கில் போடுவது இன்னொரு தெரிவு. முதலாவதைச் சொன்னால் கூட்டு வட்டி. இரண்டாவதைச் சொன்னால், உங்களுக்குத் தெரியாமலே எளிய வட்டிக்குப் போய்விட்டீர்கள்.

சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். புதுப்பித்த பிறகு வரும் பத்திரத்தில் வைப்புத் தொகையைப் பாருங்கள். போன வருடம் 1,00,000 என்று இருந்தது இந்த வருடமும் 1,00,000 என்றே இருந்தால் வட்டி சேரவில்லை. 1,10,000 என்று ஏறியிருக்க வேண்டும், வரி பிடித்திருந்தால் அதற்குக் கொஞ்சம் குறைவாக. பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்கும்.

அடுத்த வருஷம் வட்டியைக் குறைச்சிட்டா என்ன செய்யறது?

இந்தப் பயம் நியாயமானது. வருடா வருடம் புதுப்பிக்கும் வைப்பில் அந்தந்த நாளின் வீதம்தான் கிடைக்கும். 2022 கடைசியில் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2023 ஜூனில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களைக் குறைக்கத் தொடங்கியது. 2024இல் புதுப்பிக்கப் போனவர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 20 வீதமே தொடரும் என்று நம்பி மகன் கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

மேலே உள்ள கணக்கிலும் இதைப் பார்க்கலாம். முதல் இரண்டு வருடம் 10 வீதம், பிறகு மூன்று வருடம் 8 வீதம் என்று இறங்கினால் 1 லட்சம் 1,52,425 ஆகத்தான் வளரும். பூட்டி வைத்த 12 வீத எளிய வட்டி 1,60,000 கொடுத்திருக்கும். வட்டி இறங்கப்போகும் காலத்தில், வீதத்தை 5 வருடத்துக்குப் பூட்டி வைக்கும் வைப்பு எளிய வட்டியாக இருந்தாலும் ஜெயிக்கலாம். ஏறப்போகும் காலத்தில் மறுபக்கம். எது நடக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் பாதியைப் பூட்டியும் பாதியை வருடா வருடம் புதுப்பித்தும் வைக்கச் சொல்வேன்.

வட்டியில வரி பிடிக்கிறாங்களே, அது கணக்கை மாத்துமா?

மாற்றும். வைப்பு வட்டியில் முன்பு 5 வீதம் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம். அதாவது 10,000 ரூபாய் வட்டி வந்தால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000தான் கணக்கில் வரும்.

கூட்டு வட்டியில் இது ஒவ்வொரு வருடமும் நடப்பதால், வரியாகப் போன காசு அடுத்த வருடம் குட்டி போடாது. 10 வீதம் 9 வீதமாகிவிடும், 5 வருடத்தில் 1 லட்சம் 1,53,862 ஆகும். 12 வீத எளிய வட்டியில் 60,000க்கும் கடைசியில் ஒரே தடவை வரி பிடித்தால் 1,54,000 கைக்கு வரும். வரிக்கு முன்னால் ஆயிரம் ரூபாய் முன்னால் நின்ற கூட்டு வட்டி, வரிக்குப் பிறகு 138 ரூபாய் பின்னால் போய்விட்டது!

ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வரி பிடிபடவே தேவையில்லை. வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர்கள் அதைச் சொல்லி வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுக்கலாம். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், வருடா வருடம் ஏப்ரலில் போய்க் கேளுங்கள். போன வருடம் கொடுத்தோமே என்று இருந்துவிட வேண்டாம்.

இடையில அவசரம்னா வைப்பை முறிக்கலாமா?

முறிக்கலாம், ஆனால் சொன்ன வட்டி கிடைக்காது. எவ்வளவு குறைப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, 12 வீத எளிய வட்டி வைப்பை 4 வருடத்தில் முறிக்கும்போது 8 வீதம்தான் தருவோம் என்றால் 48,000க்குப் பதில் 32,000தான் வட்டி. வருடா வருடம் புதுப்பித்த வைப்பில் அதே நேரம் 46,410 சேர்ந்திருக்கும், முதிர்ச்சி நாளில் எடுத்தால் ஒரு சதமும் வெட்ட மாட்டார்கள். மேலே உள்ள அட்டவணையில் நான்காம் வருடம் 12 வீதம் முன்னால் நிற்பது கடைசி வரை காத்திருப்பவருக்கு மட்டும்தான்.

மாத வட்டி எடுத்தவர்கள் முறித்தால் இன்னொன்றும் நடக்கும். அதுவரை கூடுதலாகக் கொடுத்த வட்டியை முதலிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். போட்டதைவிடக் குறைவாக வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்த ஒரு அக்காவுக்கு நடந்தது இதுதான்.

என் காசு எப்ப இரண்டு மடங்காகும்?

எளிய வட்டிக்கு 100ஐ வீதத்தால் வகுங்கள். 10 வீதம் என்றால் 10 வருடம், 12 என்றால் 8 வருடமும் 4 மாதமும். கூட்டு வட்டிக்கு 72ஐ வகுங்கள். 10 வீதத்துக்கு 7 வருடமும் சில மாதங்களும். இது கிட்டத்தட்டச் சரியாக வரும் குறுக்குக் கணக்கு.

ஈ.பி.எப். காசுக்கு எந்த வட்டி?

கூட்டு வட்டி. வருட முடிவில் வட்டி உங்கள் கணக்கின் மீதியில் சேரும், அடுத்த வருட வட்டி அந்த மீதிக்கும் சேர்த்துக் கிடைக்கும். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் இருபது, முப்பது வருடம் இப்படி வளர்கிறது. ஆகவே ஏதாவது ஒரு மாதம் தோட்டம் கட்டாமல் விட்டால் அந்த மாதக் காசு மட்டும் போகவில்லை, அதற்குப் பின்னால் சேர வேண்டிய வட்டி முழுவதும் போகிறது. வருட மீதிக் கூற்றை வாங்கிப் பாருங்கள்.

வட்டிக்கு வாங்கின கடன் இருக்கு. முதல்ல வைப்புப் போடட்டுமா?

வேண்டாம், கடனைக் கட்டுங்கள். லயத்தில் "நூற்றுக்கு 5" என்று வாங்கும் கடன் மாதத்துக்கு 5, வருடத்துக்கு 60 வீதம். அது எளிய வட்டி. வட்டியைக் கட்டாமல் விட்டு அதையும் முதலில் சேர்த்துவிட்டார்கள் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 80 வீதம். 1 லட்சம் வைப்பு வருடத்தில் 10,000 தரும்போது, அதே 1 லட்சம் கடன் 60,000 தின்னும்.

ஒரு கம்பெனி எல்லாரையும் விட 4 வீதம் கூடத் தர்றோம்னு சொல்றாங்க. நம்பலாமா?

மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் உள்ள இடமா என்று முதலில் பாருங்கள். வங்கிகளின் பட்டியலும் நிதிக் கம்பெனிகளின் பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எத்தனை வீதம் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள்.

பட்டியலில் இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று விழுந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைதான் ஈடு கொடுக்கும். கணவன், மனைவி இருவருடைய ஓய்வுக் காசும் சேர்ந்து 18 லட்சம் என்றால், முழுவதையும் ஒருவர் பெயரில் ஒரே கம்பெனியில் போடாமல் ஆளுக்கொரு பெயரில் 9 லட்சமாகப் போடுங்கள்.